ஆயில் மாத்தியும் 'சர்வீஸ் பண்ணுங்க'ன்னு கார் கேட்குதா? டேஷ்போர்டு கவுன்ட்டவுன் உண்மையில் எதை எண்ணுகிறது?

காரை ஸ்டார்ட் செய்ததும் மீட்டர் திரையில் ஒரு ஸ்பேனர் படம். பக்கத்தில் 'இன்னும் 1,200 கிலோமீட்டரில் சர்வீஸ்' என்று ஒரு தகவல். போன மாதம்தானே ஆயில் மாற்றினோம் என்று குழப்பம் வரும். இன்னொரு பக்கம், ஆயில் மாற்றி ஒன்றரை வருடம் ஆன காரில் 'இன்னும் 6,000 கிலோமீட்டர் இருக்கு' என்று திரை நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டிலும் கார் பழுதாகவில்லை. கவுன்ட்டவுன் தனக்குச் சொல்லப்பட்ட கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது. அந்தக் கணக்கு என்ன என்பது நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். நம்மூர் சாலைகளில் அதிகம் ஓடும் ஹூண்டாய் கார்களை உதாரணமாக வைத்து இதைப் பார்ப்போம்.

கவுன்ட்டவுன் எதை அளக்கிறது?

'சர்வீஸ் ரிமைண்டர் வருதுன்னா ஆயில் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்' என்று பலரும் நினைக்கிறோம். ஆயிலுக்குள் ஏதோ சென்சார் இருக்கிறது, அது ஆயிலைச் சோதித்துப் பார்த்துச் சொல்கிறது என்ற நம்பிக்கை அது.

ஹூண்டாய் கார்களில் உள்ள இந்த வசதி ஆயிலைத் தொடுவதே இல்லை. அதற்குத் தெரிந்தது இரண்டே விஷயங்கள்தான். ஒன்று, கடைசியாக ரீசெட் செய்த பிறகு ஓடிய தூரம். இரண்டு, அன்றிலிருந்து கழிந்த நாட்கள். நீங்களோ சர்வீஸ் சென்டரோ 10,000 கிலோமீட்டர், 12 மாதம் என்று வைத்திருந்தால், ஓடியதை அதிலிருந்து கழித்துக்கொண்டே வரும். தூரமோ நாளோ, எது முதலில் தீர்கிறதோ அப்போது கூப்பிடும். கிட்டத்தட்ட ஒரு அலாரம் கடிகாரம் மாதிரி.

மீதி 1,500 கிலோமீட்டர் அல்லது 30 நாள் என்ற நிலைக்கு வந்ததும், ஒவ்வொரு முறை இக்னிஷன் போடும்போதும் Service in என்ற தகவல் சில விநாடிகள் தோன்றும். கணக்கு முழுவதும் தீர்ந்துவிட்டால் அது Service required என்று மாறும்.

ஆகவே நீங்கள் ஆயிலை மாற்றியது காருக்குத் தெரியாது. ஆயிலே மாற்றாமல் யாராவது ரீசெட் பட்டனை அழுத்தினாலும் காருக்குத் தெரியாது. பட்டன் அழுத்தப்பட்டதா இல்லையா, அது மட்டும்தான் தெரியும்.

எல்லா கார்களிலும் இப்படித்தானா?

இல்லை. இன்னொரு வகை இருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் ஹோண்டா கார்களில் 'மெயின்டெனன்ஸ் மைண்டர்' என்ற வசதியும், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 'ஆயில் லைஃப்' என்ற வசதியும் உண்டு. இவை கிலோமீட்டரை மட்டும் எண்ணுவதில்லை. என்ஜின் எவ்வளவு சுற்றியது, எவ்வளவு சூட்டில் ஓடியது போன்றவற்றைக் கணக்கில் எடுத்து, 100 சதவீதத்தில் ஆரம்பித்துக் குறைத்துக்கொண்டே வரும். ஹோண்டாவில் 15 சதவீதம் ஆனதும் முதல் நினைவூட்டல், 5 சதவீதம் ஆனதும் உடனே மாற்றச் சொல்லும் தகவல் வரும்.

ஆனால் இதுவும் கணக்குதான், ஆயில் பரிசோதனை கிடையாது. உள்ளே ஊற்றியது நல்ல ஆயிலா, தவறான கிரேடா, அளவு குறைவா என்று அதற்கும் தெரியாது. அதனால்தான் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மேனுவலில் ஒரு எச்சரிக்கை போடுகிறது: தெரியாமல் ரீசெட் ஆகிவிட்டால், கடைசியாக ஆயில் மாற்றியதிலிருந்து 5,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும். தவறி அழுத்தப்பட்ட ரீசெட்டைக் காரால் கண்டுபிடிக்க முடியாது என்பதை நிறுவனமே ஒப்புக்கொள்ளும் வரி இது.

ஆயிலை நேரடியாகப் 'பார்க்கும்' சென்சார் சில ஐரோப்பிய சொகுசு கார்களில் இருக்கிறது. நாம் அன்றாடம் ஓட்டும் பெரும்பாலான கார்களில் இல்லை.

ரீசெட் செய்வது எப்படி?

மீட்டர் திரையில் மெனு உள்ள ஹூண்டாய் கார்களில் பொதுவான முறை இது. மாடலுக்கு மாடல் பட்டனின் இடம் சற்று மாறும், பெயர்கள் பெரும்பாலும் இதேதான்.

1. காரை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் P-யில் இருக்கட்டும். ஓடும்போது இந்த மெனு திறக்காமல் போகலாம்.

2. இக்னிஷனை ON நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

3. ஸ்டீயரிங்கில் உள்ள மோட் பட்டனை அழுத்தி, User Settings என்ற பகுதிக்குப் போங்கள். சில புதிய மாடல்களில் இந்த அமைப்புகள் நடுவில் உள்ள டச் ஸ்கிரீனில் இருக்கும்.

4. அதற்குள் Service Interval என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

5. Enable Service Interval டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டிக் இல்லையென்றால் வசதியே அணைந்து கிடக்கிறது என்று பொருள். பல கார்களில் 'ரிமைண்டரே வந்ததில்லை' என்பதற்குக் காரணம் இதுதான்.

6. Adjust Interval என்பதில் தூரத்தையும் மாதத்தையும் வையுங்கள்.

7. Reset என்பதைத் தேர்ந்தெடுத்து, OK பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். சும்மா தட்டினால் நடக்காது. தெரியாமல் கை பட்டு அழியக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

முடித்ததும் இக்னிஷனை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். மீதி தூரம் நீங்கள் வைத்த முழு எண்ணில் இருந்தால் ரீசெட் ஆகிவிட்டது. பழைய எண்ணே இருந்தால் OK-ஐப் போதுமான நேரம் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. இந்த ரீசெட் என்ஜினில் எதையும் மாற்றாது. சர்வீஸ் சென்டர் தன் கணினியில் வைத்திருக்கும் பதிவையும் இது தொடாது.

'கடுப்புல ரீசெட்' செய்தால் என்ன ஆகும்?

அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஒரு காரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் 29,900 கிலோமீட்டரில் சர்வீஸ் செய்தார். அப்போது சர்வீஸ் சென்டரில் 10,000 கிலோமீட்டருக்கு ரீசெட் செய்தார்கள். அதாவது கவுன்ட்டவுன் 39,900-ல் முடியும்.

இடையில் நீண்ட பயணம் போக வேண்டியிருந்ததால், 38,240-லேயே வீட்டுப் பக்கத்து மெக்கானிக்கிடம் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டார். மெக்கானிக் வேலையை நன்றாகத்தான் செய்தார். டேஷ்போர்டை மட்டும் யாரும் தொடவில்லை.

திரையில் அப்போது மீதி 1,660 கிலோமீட்டர். இன்னும் 160 கிலோமீட்டர் ஓடியதும் மீதி 1,500 ஆகிறது, நினைவூட்டல் ஆரம்பிக்கிறது. 'இப்பதானே மாத்தினோம்' என்று அவர் கண்டுகொள்ளவில்லை. நான்கு மாதம் கழித்து 39,900-ல் Service required வருகிறது. தினமும் பார்த்து எரிச்சலாகி, யாரிடமோ கேட்டு ரீசெட் செய்துவிடுகிறார்.

இப்போது கவுன்ட்டவுன் 39,900-லிருந்து புதிதாக 10,000 எண்ண ஆரம்பிக்கிறது. அடுத்து அது கூப்பிடப்போவது 49,900-ல். ஆனால் உள்ளே இருக்கும் ஆயில் 38,240-ல் ஊற்றியது. கார் கூப்பிடும் நேரத்தில் அந்த ஆயில் 11,660 கிலோமீட்டர் ஓடியிருக்கும். 10,000-ல் மாற்ற வேண்டியது 1,660 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. மாதக் கணக்கிலும் அதேதான். 12 மாதத்தில் மாற்ற வேண்டியது 16 மாதமாகிறது.

அப்படியானால் தாமதமாக ரீசெட் செய்யும்போது என்ன செய்வது? ஏற்கெனவே ஓடியதைக் கழித்துக்கொண்டு இடைவெளியை வையுங்கள். இந்தக் காரில் 10,000-லிருந்து 1,660 போக மீதி 8,340. திரையில் அந்த எண்ணைத் துல்லியமாக வைக்க முடியாவிட்டால் அதற்குக் கீழே உள்ள எண்ணை, உதாரணத்துக்கு 8,000-ஐ வையுங்கள். நான்கு மாதம் போய்விட்டதால் மாதத்தை 8 ஆக்குங்கள். பிறகு ரீசெட் செய்யுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது மறக்காமல் பழையபடி 10,000, 12 மாதம் என்று திருப்பிவிட வேண்டும்.

10,000-ன்னு வைக்கிறதா, 5,000-ன்னு வைக்கிறதா?

இங்கேதான் உண்மையான கேள்வி இருக்கிறது. மேனுவலின் பராமரிப்பு அட்டவணையைப் பார்த்தால் இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு. இன்னொன்று 'கடுமையான பயன்பாடு' என்ற தலைப்பில் இருக்கும், அதில் ஆயில் மாற்றும் இடைவெளி குறைவாக இருக்கும். பலரும் முதல் பட்டியலோடு நிறுத்திவிடுகிறோம். 'நாம என்ன ரேஸா ஓட்டுறோம்?' என்ற எண்ணம்.

ஆனால் அந்தப் பட்டியலில் ஹூண்டாய் சொல்லும் சூழல்களைப் பாருங்கள். ஒரு தடவைக்கு 8 கிலோமீட்டருக்கும் குறைவான ஓட்டம் திரும்பத் திரும்ப நடப்பது. என்ஜினை ஓடவிட்டபடி அதிக நேரம் நிற்பது, நீண்ட நேரம் மெதுவாக ஊர்ந்து செல்வது. தூசி நிறைந்த, கரடுமுரடான சாலை. 32 டிகிரிக்கு மேல் வெயிலில், பாதிக்கும் மேற்பட்ட நேரம் நெரிசலான நகரப் போக்குவரத்தில் ஓடுவது. டாக்சியாக ஓடுவது.

இதைப் படித்தால் சென்னையில் ஆபீஸ் போய்வரும் கார்தான் ஞாபகத்துக்கு வரும். கம்பெனி 'கடுமை' என்று சொல்வது வேகத்தை மட்டும் அல்ல. நாம் 'பத்திரமா, மெதுவா ஓட்டுறோம்' என்று நினைக்கும் ஓட்டமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

கிலோமீட்டர் எண்ணாத நேரம்

வீட்டிலிருந்து ஆபீஸ் 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 14. மாதம் 25 நாள் என்றால் 350 கிலோமீட்டர், வருடத்துக்கு 4,200. திரையில் 10,000 வைத்திருந்தால், ஒரு வருடம் கழித்தும் 'இன்னும் 5,800 கிலோமீட்டர்' என்றுதான் இருக்கும்.

நெரிசலில் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால், அந்த 4,200 கிலோமீட்டர் ஓட என்ஜின் 280 மணி நேரம் ஓடியிருக்கும். இதே 280 மணி நேரம் நெடுஞ்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போயிருந்தால் 19,600 கிலோமீட்டர் வந்திருக்கும். சிக்னலில் நிற்கும்போதும் என்ஜின் ஓடுகிறது, ஆயில் சூட்டில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஓடோமீட்டர் மட்டும் நகர்வதில்லை.

ஒரு மணி நேர நெரிசலும் ஒரு மணி நேர நெடுஞ்சாலை ஓட்டமும் ஆயிலுக்குச் சமம் என்று இதற்கு அர்த்தமில்லை. நெடுஞ்சாலையில் என்ஜின் வேகமாகச் சுற்றும், சுமை வேறு மாதிரி இருக்கும். ஆனால் கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் என்ன விட்டுப்போகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

குறைந்த தூர ஓட்டத்தில் இன்னொரு விஷயமும் நடக்கும். என்ஜின் எரியும்போது கொஞ்சம் நீராவியும், எரியாத பெட்ரோலும் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து ஆயிலில் சேரும். ஆயில் நன்றாகச் சூடாகி அப்படியே சிறிது நேரம் ஓடினால் அவை ஆவியாகி வெளியேறிவிடும். ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வீடு வந்துவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். தினமும் இப்படியே நடந்தால் ஆயில் நீர்த்துப்போகும், உரசும் பாகங்களுக்கு நடுவில் நிற்கும் அதன் பலம் குறையும்.

அதனால் இந்தக் காருக்கு முக்கியமான எண் கிலோமீட்டர் அல்ல, மாதம். மேனுவலின் கடுமையான பயன்பாட்டுப் பட்டியலில் 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம் என்று இருந்தால், Adjust Interval-ல் இரண்டையும் அப்படியே வையுங்கள். ஆறு மாதத்தில் இந்தக் கார் ஓடுவது 2,100 கிலோமீட்டர்தான். 5,000 என்ற எண் எட்டாமலே போகும், மாதக் கணக்குதான் உங்களைக் கூப்பிடும். தூரத்தை மட்டும் குறைத்துவிட்டு மாதத்தை 12-லேயே விட்டால் எந்தப் பயனும் இல்லை. உங்கள் மாடலுக்கான சரியான எண்களை மேனுவலில் பார்த்தே வைக்க வேண்டும். டர்போ, டீசல், சாதாரண பெட்ரோல் என்று என்ஜினுக்கு என்ஜின் அவை மாறலாம்.

பேட்டரியைக் கழற்றினீர்களா?

பேட்டரி மாற்றினாலோ, வயரைக் கழற்றினாலோ, பேட்டரி முழுவதும் இறங்கிப்போனாலோ, திரையில் காட்டும் தூரமும் நாளும் தவறாகலாம் என்று ஹூண்டாய் மேனுவலே சொல்கிறது. புது பேட்டரி போட்ட அன்றைக்கே Service Interval-ஐத் திறந்து பாருங்கள். எண் சந்தேகமாக இருந்தால், கடைசி ஆயில் பில்லை எடுத்து, மேலே சொன்ன மாதிரி கழித்து வையுங்கள்.

பழைய கார் வாங்குறவங்க கவனத்துக்கு

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது திரையில் 'இன்னும் 9,500 கிலோமீட்டர்' என்று இருந்தால், சமீபத்தில் சர்வீஸ் ஆன கார் என்று தோன்றும். அந்த எண் நிரூபிப்பது ஒன்றே ஒன்றுதான். 500 கிலோமீட்டருக்கு முன்னால் யாரோ OK பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

சாட்சி வேண்டுமென்றால் பில்லைக் கேளுங்கள். அதில் தேதி, அன்றைய கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் கிரேடு, ஃபில்டர் மாற்றிய வரி ஆகியவை இருக்க வேண்டும். வாரண்டி விஷயத்திலும் கேட்கப்படுவது இந்தக் காகிதம்தான், திரையில் தெரியும் எண் அல்ல.

திரை சொல்லாததை டிப்ஸ்டிக் சொல்லும்

கவுன்ட்டவுனில் 7,000 கிலோமீட்டர் மீதி இருக்கும்போதே என்ஜினில் ஆயில் அளவு குறைந்திருக்கலாம். சில என்ஜின்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை எரிக்கும், சிலவற்றில் கசிவு இருக்கும். ரிமைண்டருக்கு இது எதுவும் தெரியாது.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, சூடான என்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கீழ்க் குறிக்குப் பக்கத்தில் இருந்தால் அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் ஊற்றுங்கள். மேல் குறியைத் தாண்டி ஏறியிருந்து, பெட்ரோல் வாசமும் அடித்தால் எரிபொருள் கலந்திருக்கலாம். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. டீசல் காரில் புது ஆயில்கூட சீக்கிரமே கறுத்துவிடும்.

இன்னொன்று, ஸ்பேனர் படத்தையும் எண்ணெய்க் கிண்டி போன்ற சிவப்பு விளக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்பேனர் வந்தால் அவசரம் இல்லை, வசதியான ஒரு நாளில் சர்வீஸ் விடலாம். ஓட்டும்போது சிவப்புக் கிண்டி எரிந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். அப்போது ஓரமாக நிறுத்தி உடனே என்ஜினை அணைக்க வேண்டும். 'பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டினால் என்ஜினே போய்விடும். அந்த விளக்கை எந்த ரீசெட்டும் அணைக்காது.

என் காரில் இந்த மெனுவே இல்லையே?

ட்ரிப் மீட்டர் இருந்தால் போதும். பெரும்பாலான கார்களில் ட்ரிப் A, ட்ரிப் B என்று இரண்டு இருக்கும். பெட்ரோல் கணக்குக்கு A-யை வைத்துக்கொண்டு, B-யை ஆயிலுக்கு மட்டும் ஒதுக்குங்கள். ஆயில் மாற்றிய அன்றைக்கு B-யைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். மீட்டர் 9,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடலாம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நாள் கணக்குக்குப் போன் காலண்டரில் ஆறு மாதம் தள்ளி ஒரு நினைவூட்டல் போடுங்கள், அதிலேயே அன்றைய ஓடோமீட்டர் எண்ணையும் எழுதிவையுங்கள்.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பிலிருந்து சாவியை வாங்கும்போது, கிளம்புவதற்கு முன் இக்னிஷனைப் போட்டு Service Interval-ல் இருக்கும் தூரத்தையும் மாதத்தையும் பாருங்கள். அந்த இரண்டு எண்ணும் உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.